முப்பத்து நான்கு பெட்டிகளும் இருபத்தேழு ரூபாயும்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறையை வைத்துக்கொண்டு, மாதம் ஒரு சருமப் பராமரிப்புப் பெட்டி அனுப்பும் சிறு தொழிலைத் தொடங்கியபோது, நான் போட்ட கணக்கு ஒரு கொப்பித் தாளில் அடங்கியது. முகம் கழுவும் திரவம், கற்றாழை ஜெல், கிறீம், உதட்டுத் தைலம் ஆகிய நான்கும் சேர்ந்த ஒரு தொகுதிக்கு 1,050 ரூபாய், பெட்டிக்கும் லேபலுக்கும் 210 ரூபாய், கூரியருக்கு 400 ரூபாய் என மொத்தம் 1,660 ரூபாய் வந்தது. விற்பனை விலை 2,250 ரூபாய். விளம்பரம், மின்சாரம், பொதி கட்ட உதவும் பிள்ளைக்கான கொடுப்பனவு என மாதத்துக்கு 12,000 ரூபாய் எப்படியும் போகும். அதை ஐம்பது பேருக்குப் பங்கிட்டால் பெட்டிக்கு 240 ரூபாய். மிச்சம் 350 ரூபாய் நிற்க வேண்டும்.

அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் ஐம்பது பேரும் ஐம்பது பேராகவே இருப்பார்கள் என்று எங்கும் எழுதாமலே நான் நம்பியிருந்தேன். தயாரிப்பாளர் 150 தொகுதிகளுக்குக் குறைந்து தரமாட்டேன் என்றதும், மூன்று மாதத்துக்குச் சரியாக இருக்கிறதே என்று மகிழ்ந்து முழுவதையும் வாங்கி அடுக்கிவிட்டேன்.

முதல் மாதம் ஐம்பது பேர் பணம் செலுத்தினார்கள். இரண்டாம் மாதம் 41, மூன்றாம் மாதம் 34. மூன்று மாதத்தில் விற்றவை 125 பெட்டிகள். அலுமாரியில் 25 தொகுதிகள் தங்கிவிட்டன. அவற்றில் முடங்கிய 26,250 ரூபாயை விற்ற பெட்டிகளின் மேல் ஏற்றினால், ஒவ்வொன்றுக்கும் 210 ரூபாய் கூடுகிறது. அதே நேரம் 12,000 ரூபாயை 34 பேருக்கே பங்கிட வேண்டியிருந்ததால் அந்தப் பங்கும் 353 ஆனது. ஆக, மூன்றாம் மாதத்தில் ஒரு பெட்டியில் எனக்கு நின்றது 27 ரூபாய்.

அதுவும் நிற்கவில்லை. விலகுகிறவர்கள் விலகுகிறோம் என்று சொல்வதில்லை என்பதை அந்த மாதம்தான் விளங்கிக்கொண்டேன். பொதியைப் பெறும்போது பணம் கொடுக்கும் முறையில் நான் 38 பெட்டிகள் அனுப்பியிருந்தேன். நான்கு திரும்பி வந்தன. போன 400 ரூபாயும், திருப்பி அனுப்பும் கட்டணம் 200 ரூபாயும் என் கணக்கில்தான் விழுந்தன. களுவாஞ்சிக்குடியிலிருந்து திரும்பிய ஒரு பெட்டியைத் திறந்தபோது, வார இறுதி முழுவதும் கூரியர் களஞ்சியத்தின் வெக்கையில் கிடந்ததால் உதட்டுத் தைலம் உருகி, மூடியின் விளிம்பால் கசிந்து, லேபலில் மஞ்சளாக ஊறியிருந்தது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமையில் பொதி ஒப்படைப்பதில்லை.

திருப்பியவர்களில் ஒருவரை அழைத்துக் காரணம் கேட்டேன். அவர் சங்கடப்படாமலே சொன்னார்: "அக்கா, சாமான் நல்லம்தான். போன மாசத்துக் கிறீமே இன்னும் பாதி கிடக்கு, அதுக்குள்ள இன்னொண்டை வாங்கி என்ன செய்யிற?" நான் விலையைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நானும் தங்கையும் ஆளுக்கொரு தொகுதியைத் திறந்து பயன்படுத்திப் பார்த்தோம். கிறீம் ஏழு வாரம் வந்தது. முகம் கழுவும் திரவம் ஐந்து வாரத்தில் முடிந்தது. மாதப் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டு, மாதத்தில் முடியாத பொருளை நிரப்பியிருக்கிறேன். தரத்தைக் குறை சொல்லி விலகியவர்கள் மிகச் சிலர்தான்.

அதன் பிறகு ஒரு மாதம் விட்டு எடுக்கலாம் என்ற வசதியைக் கொடுத்தேன். இங்கு அரச ஊழியர்களுக்கு 25ஆம் திகதியளவில் சம்பளம் வருவதால், 24ஆம் திகதி எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் கேட்டு, 27ஆம் திகதிக்குள் "வேணும்" என்று பதில் தந்தவர்களுக்கு மட்டும் பொதி கட்டுகிறேன். பதில் தராதவருக்கு அனுப்புவதில்லை. முன்பு பேசாதிருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதே அந்த நான்கு பெட்டிகளைத் திருப்பியது. போயா விடுமுறை குறுக்கே வந்தால், அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்துப் பொதிகளை ஒரு நாள் முந்தி ஒப்படைத்துவிடுவேன்.

அடுத்த கொள்வனவுக்கு முன், ஆறு பேரில் ஒருவர் மாதாமாதம் குறைகிறார் என்று வைத்துப் பார்த்தேன். 34 பேர் 28 ஆவார்கள், பின்னர் 23. இரண்டு மாதத்துக்கு 51 தொகுதிகள். புதியவர்களுக்கென்று சில கூட்டினாலும், அலுமாரியில் மிஞ்சியிருப்பவற்றுடன் இன்னும் 50 வாங்கினால் தாராளம். தயாரிப்பாளரிடம் நேரில் போய்ப் பேசியபோது, 50 தருகிறேன், ஆனால் தொகுதிக்கு 90 ரூபாய் கூடும் என்றார். முதலில் இதைக் கேட்டிருந்தால் தலையை ஆட்டி எழும்பி வந்திருப்பேன். விற்காத சரக்கு பெட்டிக்கு 210 ரூபாய் தின்றதைக் கண்ட பிறகு, அந்த 90 ரூபாய் எனக்கு மலிவாகவே தெரிந்தது. நான்காம் மாதம் 31 பேர் "வேணும்" என்றார்கள். ஒரு மாதம் விட்ட மூவரில் இருவர் ஐந்தாம் மாதம் திரும்பினார்கள். எந்தப் பெட்டியும் திரும்பி வரவில்லை.