புது மிஸ் நாட்குறிப்பு: திருவொற்றியூர், மே–ஜூன் 2025

மே 26, திங்கள்

அக்னி நட்சத்திரம் முடியவில்லை, அதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, இந்த வாரம் முழுக்க புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு அறிமுகப் பயிற்சி. திருவொற்றியூரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி, எனக்கு ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கு. கையில் ஒரு தாள் கொடுத்தார்கள்: இன்று விதிமுறைகள், நாளை பள்ளியைச் சுற்றிப் பார்ப்பது, புதன் துணை ஆசிரியர் அறிமுகம், வியாழன் பாடத்திட்டம், வெள்ளி முதல் மாதத்தில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது.

விதிமுறை என்றதும் லீவு, சேலை, செல்போன் என்று ஓடும் என நினைத்தேன். அதெல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. மீதி நேரம் முழுவதும் போக்சோ. 2012 சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் தொல்லை நடந்திருக்கிறது என்று தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். 'எச்.எம்.கிட்ட சொல்லிட்டேன்' என்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு வருடம் வரை.

அதைவிட உபயோகமாக இருந்தது, பிள்ளை நம்மிடம் வந்து பேசும் அந்தப் பத்து நிமிடம் எப்படி இருக்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்த மேடம் நடித்துக் காட்டியது. 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யக் கூடாது. 'அவர் இப்படிச் செய்தாரா' என்று பதிலை நாமே கேள்விக்குள் வைத்துக் கேட்கக் கூடாது. பிள்ளை சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே தேதி, நேரம் போட்டு எழுத வேண்டும், நம் நாகரிகத்துக்காக மாற்றி எழுதக் கூடாது. திரும்பத் திரும்பப் பல பேர் கேட்டால் பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும், வழக்கும் கெடும். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வி உதவி எண் 14417 இரண்டையும் ஐடி கார்டின் பின்பக்கம் எழுதச் சொன்னார்கள்.

மே 27, செவ்வாய்

பள்ளியைச் சுற்றிப் பார்ப்பது என்றால் லேப், நூலகம், கேன்டீன் என்றுதான் எங்கும் காட்டுவார்கள். இங்கே அழைத்துப்போன பி.டி. சார் முதலில் நிறுத்திய இடம் மொட்டை மாடியில் கட்டியிருந்த ஒரு துணிக்கொடி. அழகுக்குக் கட்டியது என்று நினைத்தால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கவாம்.

காரணம் ஊருக்கே தெரியும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்தில் எழுந்து ஓடினார்கள். இங்கே வாடை வந்தால் தீ விபத்துக்குச் செய்வதைச் செய்யக் கூடாது என்றார் சார். தீ என்றால் எல்லோரும் கீழே இறங்கி மைதானத்துக்கு வர வேண்டும். வாயு வாடை என்றால் அவசரப்பட்டு மைதானத்தில் கூட்டினால் பிள்ளைகளைக் கொண்டுபோய் வாடையிலேயே நிறுத்தியதாகிவிடும். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, துணியை நனைத்து மூக்கில் வைக்கச் சொல்ல வேண்டும். அமோனியா தண்ணீரில் எளிதாகக் கரையும், அதற்குத்தான் ஈரத்துணி. வெளியேறச் சொன்னால், காற்று போகும் திசையிலேயே ஓடாமல் அதற்குக் குறுக்கே போக வேண்டும். கண் எரிந்தால் தேய்க்காமல் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

சரி, பெல் எப்படி வித்தியாசம் தெரியும் என்று கேட்டேன். தீக்கு விடாமல் அடிக்கும், வாயுவுக்கு விட்டு விட்டு அடிக்கும். இதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லும் பொறுப்பு வகுப்பு ஆசிரியருடையது.

பின்பக்கப் படிக்கட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. சார் அங்கேயே நின்று வாட்ச்மேனைக் கூப்பிட்டுத் திறக்க வைத்தார். 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகள் இறந்துபோனதைச் சொல்லிவிட்டு, "பூட்டைப் பார்த்தா திறக்கச் சொல்லுங்க, நான் புதுசுன்னு சும்மா இருக்காதீங்க" என்றார்.

மே 28, புதன்

பட்டி சிஸ்டம், அதாவது புதிதாக வருபவருக்கு ஏற்கெனவே இருக்கும் ஒருவரைத் துணையாகப் போடுவது. எனக்கு வாய்த்தவர் எட்டாம் வகுப்புக் கணக்கு மிஸ், பக்கத்திலேயே காலடிப்பேட்டைக்காரர். மற்றவர்கள் எதிரில் மிஸ், தனியாக இருக்கும்போது அக்கா என்று அரை மணியிலேயே ஆகிவிட்டது.

அக்கா கேட்ட முதல் கேள்வி, "உனக்கு எந்த பீரியட் ஃப்ரீ?" இரண்டு பேருடைய டைம்டேபிளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வாரத்தில் ஒரு பீரியட்கூட ஒன்றாகக் காலி இல்லை. நேரே கோஆர்டினேட்டரிடம் போய் வியாழன் மூன்றாம் பீரியடை மாற்றி வாங்கி, அதில் இரண்டு பேரையும் சப்ஸ்டிடியூஷனுக்கு அனுப்பக் கூடாது என்று எழுதியும் வாங்கினார். இது இல்லாவிட்டால் பட்டி என்பது நோட்டீஸ் போர்டில் இருக்கும் பெயர் மட்டும்தான், போன வருடம் அப்படித்தான் ஆச்சு என்றார்.

இன்னொன்றும் தெளிவாகச் சொன்னார். அவர் என் வகுப்புக்கு வந்து பார்ப்பார், ஆனால் அதைப் பற்றி மேலே ஒரு வரியும் எழுத மாட்டார். கோஆர்டினேட்டர் பார்வையிடுவது தனி, அதற்குத்தான் மார்க். என்னைக் கேட்டால் இதுதான் சரி. மதிப்பெண் போடுகிறவரிடம் போய் 'அந்தக் கடைசி பெஞ்ச் எனக்கு அடங்க மாட்டேங்குது' என்று யார் சொல்வார்கள்?

மே 30, வெள்ளி

நேற்று பாடத்திட்டம், எழுத ஒன்றுமில்லை. இன்று முதல் மாத எதிர்பார்ப்பு: வெள்ளிக்குள் அடுத்த வாரப் பாடக்குறிப்பு, முதல் வாரத்தில் அடிப்படைத் தேர்வு, இரண்டாம் வாரத்தில் கோஆர்டினேட்டர் பார்வை, வாரம் ஒருமுறை எல்லா நோட்டும் திருத்தம், மாலையில் கேட் டியூட்டி. கன்டெய்னர் லாரி போகும் ரோடு என்பதால் கேட் டியூட்டிக்குப் பத்து நிமிடம் முன்பே நிற்க வேண்டும்.

நோட்டுத் திருத்தத்தில்தான் புது ஆட்கள் மூழ்குவார்கள் என்று அக்கா கணக்குப் போட்டுக் காட்டினார். நாலு செக்ஷன், செக்ஷனுக்கு நாற்பது பேர், மொத்தம் 160 நோட்டு. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல். வெள்ளிக்கிழமை மொத்தமாக வாங்கி வீட்டுக்குத் தூக்கிப் போனால் ஞாயிறு காலி, அதுவும் வெறும் டிக் மட்டும்தான் விழும். அதனால் ஒவ்வொரு செக்ஷனிலும் வரிசை எண்படி தினம் பத்து நோட்டு. நாளுக்கு நாற்பது நோட்டு, எண்பது நிமிடம், இரண்டு பீரியடில் முடியும். நாலு நாளில் சுற்று முடிந்து, ஐந்தாம் நாள் வராதவர்களுக்கு. சப்ஸ்டிடியூஷன் விழுந்தால் இந்தக் கணக்கு உடையும், அன்றைக்குப் பத்தை ஐந்தாக்கு, ஆனால் விடாதே என்றார்.

ஜூன் 5, வியாழன்

அடிப்படைத் தேர்வை ஆறாம் வகுப்புக்கு வைத்தேன். மொத்தம் ஐந்தே கணக்கு, அதில் ஒன்று 503 − 278. விடை 225. மூன்றாம் பீரியடில் அக்காவும் நானும் தாள்களை மார்க்படி இல்லாமல் தப்பான விடைப்படி பிரித்து அடுக்கினோம்.

375 என்று எழுதியவர்கள் ஒரு கட்டு. இவர்களுக்குக் கடன் வாங்குவதே தெரியாது, ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறார்கள். 235 எழுதியவர்கள் இன்னொரு கட்டு. நூறிலிருந்து கடன் வாங்கியிருக்கிறார்கள், ஆனால் நடுவிலிருந்த பூஜ்யம் பத்தாகி, அதிலிருந்து ஒன்று ஒன்றாம் இடத்துக்குப் போனதும் ஒன்பதாக வேண்டும் என்பதை விட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் ஒரே சைபர்தான் மார்க். முதல் கட்டுக்குக் குச்சி, பத்துக்கட்டு வைத்து ஆரம்பத்திலிருந்து நடத்த வேண்டும், இரண்டாவது கட்டுக்கு நடுவில் பூஜ்யம் வரும் கணக்கு நாலைந்து போதும். ஆனால் பாடப்புத்தகத்தின் முதல் பாடமே பெரிய எண்கள், கோடி வரைக்கும் போகிறது.

ஜூன் 11, புதன்

கோஆர்டினேட்டர் வந்து பின்னால் உட்கார்ந்தார். பாடக்குறிப்பில் இன்று கோடிக்குக் காற்புள்ளி வைப்பது என்று இருந்தது, நான் 375 கட்டோடு குச்சி எண்ணிக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டார், தாள் கட்டுகளை எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதையே பாடக்குறிப்பில் எழுதிவிடுங்கள், முதல் பாடத்துக்கு இன்னும் நாலு பீரியட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்புறம், கரும்பலகையின் வலது மூலையில் வெளிச்சம் பட்டு இடப்பக்கக் கடைசி வரிசைக்கு ஒன்றும் தெரியவில்லையாம். நாளையிலிருந்து இடப்பக்கமாக எழுத வேண்டும்.