பாளித் தாள்: விராகாவும் ஆஸவேஹியும் மதிப்பெண்ணைத் தின்னும் இடம்

பாளித் தேர்வு முடிவு வந்துவிட்டது, நிம்மதி. அடுத்த முறை எழுதப்போகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். வாய்பாடு எல்லோருக்கும் மனப்பாடம்தான். மதிப்பெண் போவது ஐந்தாம் வேற்றுமையைக் கண்டதும் ‘இலிருந்து’ என்றும், ஏழாம் வேற்றுமையைக் கண்டதும் ‘இல்’ என்றும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதில்தான்.

இதைப் பழகச் சரியான பகுதி, வாரணாசி இசிபதனத்தில் ஐந்து பிக்குகளுக்குப் புத்தர் சொன்ன உரையான அனத்தலக்கண சுத்தத்தின் கடைசிப் பத்தி. சம்யுத்த நிகாயம் 22.59.

ரூபஸ்மிம்பி நிப்பிந்ததி, வேதனாயபி நிப்பிந்ததி, ஸஞ்ஞாயபி நிப்பிந்ததி, ஸங்காரேஸுபி நிப்பிந்ததி, விஞ்ஞாணஸ்மிம்பி நிப்பிந்ததி. நிப்பிந்தம் விரஜ்ஜதி, விராகா விமுச்சதி. விமுத்தஸ்மிம் விமுத்தமிதி ஞாணம் ஹோதி.

முதல் வாக்கியத்தில் ‘ஸ்மிம்’, ‘ஏஸு’ இரண்டும் ஐயமில்லாத ஏழாம் வேற்றுமை. வேதனாய அப்படியில்லை. ஆகாரப் பெண்பாற்சொல்லின் ஒருமையில் மூன்று முதல் ஏழு வரை எல்லா வேற்றுமைக்கும் ‘ஆய’ வரும். உருவத்தை மட்டும் பார்த்தால் முடிவு கிடைக்காது. பக்கத்தில் நிற்கும் ரூபஸ்மிம், ஸங்காரேஸு இரண்டும்தான் சாட்சி. இலக்கணக் குறிப்பு கேட்டால் ‘ஏழாம் வேற்றுமை’ என்று மட்டும் எழுதாமல் இந்தக் காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள். பொருளிலும் இது இடத்தைக் குறிக்கவில்லை. உருவத்துக்குள் இருந்துகொண்டு சலிப்பதாக அர்த்தமல்ல, உருவத்தின் மீது சலிப்பு.

இனி என்னைக் கேட்டால் தாளின் உயிரே இதுதான்: விராகா விமுச்சதி. ‘ஆ’ என்று முடிவதால் பலர் இதை எழுவாய்ப் பன்மை என்று எடுக்கிறார்கள். வினை ஒருமையில் இருப்பதால் அது நிற்காது. சரி, ஐந்தாம் வேற்றுமைதான் என்று கண்டுபிடித்தவர்களும் அடுத்த படியில் வழுக்குகிறார்கள். ‘பற்றின்மையிலிருந்து விடுபடுகிறான்’ என்று எழுதினால் போதனை தலைகீழாகிவிடும். பற்றின்மை ஏதோ விலங்கு போல ஆகிவிடும். இது நீக்கப் பொருள் அல்ல, ஏதுப் பொருள்: பற்று நீங்குவதால் விடுபடுகிறான்.

அப்படியானால் விமுச்சதியோடு வரும் ஐந்தாம் வேற்றுமை எப்போதும் ஏதுவா? இல்லை. அதே சுத்தத்தின் முடிவுரை இது:

இமஸ்மிஞ்ச பன வேய்யாகரணஸ்மிம் பஞ்ஞமானே பஞ்சவக்கியானம் பிக்கூனம் அனுபாதாய ஆஸவேஹி சித்தானி விமுச்சிம்ஸு.

வினை அதுவேதான், ஆனால் ஆஸவேஹி நீக்கப் பொருள்: மனமாசுகளான ஆசவங்களிலிருந்து மனங்கள் விடுபட்டன. ‘ஏஹி’ மூன்றாம் வேற்றுமைப் பன்மைக்கும் பொது என்பதால் ‘ஆசவங்களால் விடுபட்டன’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. மாசே விடுதலை தந்ததாகிவிடும். விராகாவுக்கு ‘ஆல்’, ஆஸவேஹிக்கு ‘இலிருந்து’. இரண்டையும் மாற்றிப் போட்டால் இரண்டு வாக்கியமும் கெடும். சோதிக்க ஒரே கேள்வி போதும்: இந்தச் சொல் கட்டும் பொருளா, கட்டை அவிழ்க்கும் பொருளா?

அதே வரியில் அனுபாதாய ஒரு பொறி. வேதனாயவைப் போல ஒலித்தாலும் இது பெயரே அல்ல, எதிர்மறை வினையெச்சம்: ‘பற்றிக்கொள்ளாமல்’. வேற்றுமை எழுதினால் மதிப்பெண் போச்சு.

இனி ஸதி ஸப்தமீ, அதாவது ஏழாம் வேற்றுமையில் பெயரும் எச்சமும் சேர்ந்து ‘போது’ என்று பொருள் தரும் தொடர். வேய்யாகரணஸ்மிம், பஞ்ஞமானே என்று விகுதி வேறுபட்டாலும் இரண்டும் ஒரே வேற்றுமை, ஒரே தொடர். ‘விளக்கத்தில்’ என்று தொடங்கினால் வாக்கியம் முடியாமல் திணறும். பெயரை எழுவாயாக்கி, எச்சத்தை வினையாக்குங்கள்: இந்த விளக்கம் சொல்லப்பட்டுக்கொண்டிருக்கையில். பஞ்ஞமானே நிகழ்கால எச்சம், அதனால் ‘கையில்’. விமுத்தஸ்மிம் இறந்தகால எச்சம், அதனால் ‘விடுபட்டதும்’. அதில் எழுவாய் மறைந்திருக்கிறது. ‘விடுபட்டவனிடத்தில் அறிவு உண்டாகிறது’ என்று கொள்ளவும் உருவம் இடம் தரும். ஆனால் அடுத்த சொல்லைப் பாருங்கள்: விமுத்தம், அலிப்பால். பிக்குவைச் சொல்வதானால் விமுத்தோ என்று வந்திருக்கும். முடிவுரையில் விடுபடுவதும் சித்தானி, அதே பால். ஆகவே: மனம் விடுபட்டதும், ‘விடுபட்டது’ என்ற அறிவு உண்டாகிறது.

தமிழில் எழுதும் நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ‘இல்’ நம்மிடம் ஐந்துக்கும் ஏழுக்கும் பொது உருபு. விடையில் வெறும் ‘இல்’ விட்டுவைத்தால் நீங்கள் எதை நினைத்தீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரியாது. மேல், போது, ஆல், இலிருந்து என்று பிரித்தே எழுதுங்கள்.

தாளில் கைவைக்கும் வரிசை:
- முதலில் வினை. அது ஒருமையா பன்மையா.
- ‘ஆ’, ‘ஆய’, ‘ஏஹி’ மூன்றின் அடியிலும் கோடு. இவைதான் அதிகம் ஏமாற்றும்.
- ‘ஸ்மிம்’ அல்லது ‘ஏ’ அருகே எச்சம் இருந்தால் இரண்டையும் வட்டமிட்டு ஒன்றாகப் பெயர்க்கவும்.
- மொழிபெயர்ப்பை முடித்த பிறகே இலக்கணக் குறிப்பு. முன்னதாக எழுதினால் தவறான வேற்றுமைக்கு மொழிபெயர்ப்பை வளைக்கத் தோன்றும்.