பேரிங் ஒன்றை வைத்து ஒரு கணக்கு: ஸ்டோர்ஸில் முடங்கிய பணத்தை வெளியே எடுத்த விதம்

கோவையில் மோட்டார் பம்பு செய்யும் ஒரு சிறு யூனிட்டின் ஸ்டோர்ஸில், பொருள்களை ஆண்டு மதிப்புப்படி ஏ, பி, சி என்று வகைப்படுத்தும் ஏ.பி.சி. பிரிப்பையும், ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கினால் செலவு குறைவு என்று சொல்லும் இ.ஓ.க்யூ. கணக்கையும் நடைமுறைக்குக் கொண்டுவந்த அனுபவம் இது.

முதலில் ஒவ்வொரு ஐட்டத்தின் ஓராண்டு உபயோகத்தையும் அதன் விலையால் பெருக்கி, பெரிய தொகை மேலே வரும்படி அடுக்கினோம். விலையை மட்டும் பார்த்துப் பிரித்தால் பட்டியலே தலைகீழாகிவிடும். ஆண்டுக்கு இரண்டே தேவைப்படும் ₹4,000 உதிரிபாகத்தின் மதிப்பு ₹8,000தான். ₹150 பேரிங் 6,000 வாங்கினால் ₹9 லட்சம். காப்பர் வயர், ஸ்டாம்பிங், வார்ப்பு, பேரிங் என்று மேலிருந்து கூட்டி, மொத்த மதிப்பில் 70–75 சதவீதம் வந்த இடத்தில் கோடு போட்டோம். அதுவரை ஏ பொருள்கள். நட்டு, வாஷர் போன்ற சி பொருள்களுக்குக் கணக்கே போடவில்லை. மூன்று மாதத் தேவையை மொத்தமாக வாங்கிக்கொண்டோம். மெக்கானிக்கல் சீல் மட்டும் விதிவிலக்கு. மதிப்பில் கீழே இருந்தாலும் அது இல்லாமல் பம்பு வெளியே போகாது என்பதால் தனியாகக் கண்காணித்தோம்.

பேரிங் ஒரு தடவைக்கு 1,500 வந்துகொண்டிருந்தது. ஒரு ஆர்டருக்கு ஆகும் செலவு ₹400: டெம்போ வாடகை, இறக்குகூலி, சோதனை. பர்ச்சேஸ் ஊழியரின் சம்பளத்தை இதில் சேர்க்கக் கூடாது. ஆர்டர் கூடினாலும் குறைந்தாலும் அது மாறாது. சேர்த்தால் ஆர்டர் அளவு வீணாகப் பெருத்துவிடும். சரக்கை வைத்திருக்கும் செலவு வங்கி வட்டி, இடம், காப்பீடு எல்லாம் சேர்த்து விலையில் 20 சதவீதம், அதாவது ஒரு பேரிங்குக்கு ஆண்டுக்கு ₹30. ஆண்டுத் தேவையையும் இந்த இரண்டு செலவுகளையும் இ.ஓ.க்யூ. சூத்திரத்தில் போட்டோம்:

```
=SQRT(2*6000*400/30)
```

விடை 400. சராசரி இருப்பு ஆர்டர் அளவில் பாதி என்பதால், அது 750-இலிருந்து 200 ஆனது. ₹82,500 கைக்கு வந்தது. ஆர்டர் செலவும் வைத்திருக்கும் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு ₹24,100 இருந்தது ₹12,000 ஆயிற்று. சப்ளையர் பெட்டிக் கணக்கில் 500 கொடுத்தாலும் பரவாயில்லை, செலவு ₹12,300தான். 400 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

1,500 வாங்கினால் தள்ளுபடி தருகிறேன் என்று சப்ளையர் சொன்னால்? கூடுதல் செலவு ₹12,100. ₹9 லட்சத்தில் அது ஏறக்குறைய 1.34 சதவீதம். 1 சதவீதம் என்றால் வேண்டாம், 2 சதவீதம் என்றால் வாங்கலாம்.

இந்தச் சூத்திரம் ஆண்டு முழுவதும் சீரான உபயோகத்தை வைத்துப் போடப்பட்டது. கோடை சீசனில் உபயோகம் இரட்டித்தால் ஆர்டர் அளவு இரட்டிக்காது, 566 ஆகும். ஆனால் எப்போது ஆர்டர் போடுவது என்பதற்கான இருப்பு இரட்டிக்கும்: சரக்கு வர ஏழு வேலை நாள், தினம் 20 என்றால் 140, தினம் 40 என்றால் 280. அதன் மேல் பாதுகாப்புக்கென்று கொஞ்சம். சீசனுக்கு முன்பு அந்த எண்ணை மாற்றாவிட்டால், ஆர்டர் அளவு சரியாக இருந்தும் லைன் நின்றுவிடும்.