கைதட்டலுக்குப் பின் வரும் மௌனம்: மூன்று வாரப் பரிசோதனை

1977ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டில் உள்ள பிங்லி ஹாலில் குயீன் ராக் இசைக்குழுவின் நிகழ்ச்சி முடிந்த பிறகும் கூட்டம் கலையாமல் சேர்ந்து பாடியது. நெருக்கி நிற்கும் மக்களால் காலை உதைக்கவும், கைதட்டவும், பாடவும் முடியும் என்று யோசித்த கிதார் கலைஞர் பிரையன் மே, அதிலிருந்தே ‘வீ வில் ராக் யூ’ பாடலை எழுதினார். மைதானத்துக்கென்று எழுதப்பட்ட பாடல் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய, அதன் தாளத்தை வீட்டில் உருவாக்கிப் பார்த்தேன்.

முதல் வாரம், மரப்பலகையின் மேல் இரண்டு உதை, ஒரு கைதட்டல் என ஒலிப்பதிவு செய்து, அதன் பிரதிகளை 20, 40, 60, 80 மில்லிவினாடி தாமதத்தில் அடுக்கினேன். கூட்டம் கேட்கவில்லை, தகரக் குழாய்க்குள் ஒருவர் தட்டுவதைப் போன்ற ரீங்காரமே கேட்டது. இடைவெளிகள் சமமாக இருந்தால் அவையே ஒரு சுருதியாகிவிடுகின்றன. இயற்பியல் படித்த மே, பகா எண்களின் விகிதத்தில் தாமதங்களை அமைத்தார். நானும் 17, 31, 47, 73, 101 என மாற்றியதும் ரீங்காரம் மறைந்து, பல பேர் சற்றே முன்பின்னாகத் தட்டுவதாகத் தோன்றியது.

இரண்டாம் வாரம் மைதானத்தின் தொலைவைச் சேர்த்தேன். ஒலி 100 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.3 வினாடி ஆகும் என்பதால், கடைசி வரிசையினரின் தட்டல் மேடைக்குத் திரும்பி வரும்போது 0.6 வினாடி பிந்திவிடும். அந்தப் பாடலின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 81 தாள அடிகள். கைதட்டலுக்குப் பின் 0.74 வினாடி வெற்றிடம் இருக்கிறது; எதிரொலி அதற்குள்ளேயே வந்து அடங்கிவிடுகிறது. அதே தாளத்தை 140க்கு விரைவுபடுத்தியபோது வெற்றிடம் 0.43 வினாடியாகச் சுருங்கி, எதிரொலி அடுத்த இரு உதைகளுக்கு நடுவில் விழுந்து, எது உதை, எது தட்டல் என்றே தெரியவில்லை. எளிமை என்று நாம் அலட்சியமாகச் சொல்வதில் பாதி இந்த வெற்றிடம்தான். பாடலின் பெரும்பகுதியில் டிரம்ஸும் பேஸும் இல்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். இருந்திருந்தால் அவை அந்த இடத்தை நிரப்பியிருக்கும்.

மூன்றாம் வாரம், மைதான நிகழ்ச்சிகளில் மேடையைப் பெரிதாகக் காட்டும் திரையைப் பற்றி அறிய, விளையாட்டு மைதானத்தின் மறுகோடியில் நண்பரை நிறுத்திக் கைதட்டச் சொன்னேன். கைகள் சேர்ந்து பிரியத் தொடங்கிய பிறகே ஓசை வந்தது. பெரிய திரையில் பாடகரின் உதட்டை நெருக்கமாகக் காட்டினால் இந்தப் பிசகு அப்பட்டமாகத் தெரியும். தலைக்கு மேல் உயரும் கைகளில் அது அவ்வளவாக உறுத்துவதில்லை. 1985இல் வெம்பிளியில் நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியில், குயீன் பாடிய ‘ரேடியோ கா கா’வுக்கு மைதானம் முழுவதும் கைகளை உயர்த்தித் தட்டிய காட்சியை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

குரலைச் சேர்க்கும் முயற்சி இன்னும் தேறவில்லை. நான் எழுதிய பல்லவியில் வரிக்குப் பதினான்கு அசைகள் இருந்தன, 0.3 வினாடித் தாமதத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பின. ஆறாகக் குறைத்து, நெடில்களில் முடியுமாறு திருத்திக்கொண்டிருக்கிறேன்.