விவாதப் போட்டிக்கு மறுப்புரை தயாரித்த அனுபவம்: எழுதி வைத்தால் ஒப்பிப்பது போல ஆகிவிடுகிறதே, என்ன செய்வது?

போன வாரம் நடந்த பள்ளிகளுக்கு இடையிலான விவாதப் போட்டியில் எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் முதல் பரிசு கைநழுவியது சுற்றறிக்கையில் இல்லாத ஒரு வரியால். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. அடுத்து இப்படி ஒரு போட்டிக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

தலைப்பு: இந்தியாவில் வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைக்க வேண்டும். அணிக்கு இருவர். ஒவ்வொருவரும் நான்கு நிமிடம் பேச வேண்டும். பேசி முடித்தவுடன் எதிரணி இரண்டு நிமிடம் குறுக்குக் கேள்வி கேட்கும். கடைசியில் அணிக்கு மூன்று நிமிடம் மறுப்புரை. ஒட்டியா வெட்டியா என்பதைப் போட்டி அன்று காலையில்தான் சீட்டுக் குலுக்கிச் சொல்வார்கள். அதனால் இரண்டு பக்கத்துக்கும் தயாராக வேண்டியிருந்தது.

"குறுக்குக் கேள்வி – 2 நிமிடம்" என்று மட்டும் சுற்றறிக்கையில் இருந்தது. பதில் சொல்லும் நேரமும் அந்த இரண்டு நிமிடத்துக்குள் வருமா, தனியா? தமிழம்மா போட்டி நடத்துபவர்களுக்குப் போன் செய்து கேட்டார்கள். "நேர்ல வாங்க, சொல்றோம்" என்று அவர்கள் வைத்துவிட்டார்கள். இது எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பேச்சைத் தயாரித்ததில் பெரிய கதை ஒன்றும் இல்லை. சிக்கல் மறுப்புரையில்தான். முன்பு பரிசு வாங்கிய ஒரு அக்கா எழுதிய மறுப்பு வரிகளைத் தட்டச்சு செய்து எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அழகான வரிகள். "எதிரணியின் அன்பு நண்பர் அடுக்கடுக்காய்ப் பொழிந்த சொற்களில் பொருளைத் தேடித் தேடிக் களைத்துவிட்டேன்" என்று தொடங்கும். பள்ளியிலேயே ஒரு பயிற்சி விவாதம் வைத்தார்கள். வெட்டிப் பேசியவள், 18 வயதுக்குக் கீழே இருப்பவரைச் சட்டமே குழந்தை என்கிறது என்றாள். என் கூட்டாளி தாளில் இருந்தபடி, மூளை வளர்ச்சி இருபதுகளின் நடுப்பகுதி வரை நடக்கிறது, அதற்காக யாரும் 25 வரை காத்திருக்கச் சொல்வதில்லை என்று முழங்கினாள். நல்ல பதில்தான், ஆனால் கேட்காத கேள்விக்கு. "அவ கேட்டது ஒண்ணு, நீ சொன்னது ஒண்ணு" என்று தலைமையாசிரியர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்தத் தாளில் "முதிர்ச்சி இல்லை என்ற வாதம்" என்று ஒரே தலைப்பும் அதற்கு ஒரே பதிலும் இருந்தன. உண்மையில் அதற்குள் மூன்று வாதங்கள் இருக்கின்றன. மூளை இன்னும் வளரவில்லை என்பது ஒன்று. சட்டம் 18 என்று கோடு போட்டிருக்கிறது என்பது இன்னொன்று. வீட்டில் சொல்கிறபடியோ சாதி பார்த்தோதான் வாக்களிப்பார்கள் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் பதில் வேறு வேறு. எதிரணி எதைச் சொன்னார்கள் என்று பிரித்துக் கேட்காமல் பொதுவாக ஒரு பதிலை எடுத்துவிட்டால், கேட்பவருக்கு உடனே மனப்பாடம் என்று தெரிந்துவிடும். குரலை எவ்வளவு இயல்பாக வைத்தாலும் மறைக்க முடியாது.

அதன்பிறகு நாங்கள் முழு வாக்கியம் எழுதுவதையே நிறுத்தினோம். ஒரு வாதத்துக்குப் பாதித்தாள் அளவில் ஒரு அட்டை. மேலே, காதில் எது விழுந்தால் இந்த அட்டையை எடுக்க வேண்டும் என்று இரண்டு மூன்று சொல். நடுவில் ஒரே ஒரு தகவல், ஆண்டோடு. கீழே, அந்தத் தகவலால் என்ன ஆகிறது என்று நாலைந்து சொல். முதல் வரிக்கு மட்டும் இடம் காலி. எதிரணி பேசும்போது அவர்கள் வாயிலிருந்து வந்த சொல்லை அப்படியே அங்கே எழுதிக்கொள்ள வேண்டும். மேடையில் மறுப்பை அந்தச் சொல்லில்தான் தொடங்க வேண்டும். தகவலும் முடிவும் முன்பே தயார், தொடக்கம் மட்டும் அந்த நிமிடத்தில் பிறந்தது. கேட்பவருக்கு முழுவதுமே அப்போது யோசித்துச் சொன்னது போலத்தான் இருக்கும். பாதி உண்மையில் அப்படித்தான்.

அட்டை எழுதியதும் அதை நாங்களே அடித்துப் பார்த்தோம். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சட்டம் 16 வயதினரையும் பெரியவராகப் பார்க்கிறது என்று சொல்ல, 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தை ஒரு அட்டையில் வைத்திருந்தோம். கொடிய குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 16 முதல் 18 வயது வரை உள்ளவரைப் பெரியவராக விசாரிக்க அதில் இடம் இருக்கிறது. கூட்டாளி எதிரணியாக உட்கார்ந்து அதை ஒரே நிமிடத்தில் திருப்பிவிட்டாள். அந்தச் சட்டத்திலும் நேராகப் பெரியவர் ஆக்குவதில்லை, குற்றத்தின் விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று சிறார் நீதி வாரியம் முதலில் ஆராய வேண்டும். அப்படியானால் 16 வயதில் எல்லோருக்கும் முதிர்ச்சி உண்டு என்று சட்டம் நம்பவில்லை என்றுதானே ஆகிறது? எங்கள் ஆயுதம் அவர்கள் கைக்குப் போயிருக்கும். அந்த அட்டையைக் கிழித்துவிட்டோம்.

அதற்குப் பதிலாக வந்ததுதான் திருமண வயது. சட்டப்படி ஆணுக்கு 21. ஆனால் 1989 முதல் 18 வயதிலேயே வாக்கு. 61ஆவது திருத்தம் அதை 21இலிருந்து குறைத்தது. மக்களவைத் தேர்தலில் நிற்பதற்கோ 25 வயது ஆக வேண்டும். ஆக, எல்லா உரிமைக்கும் 18தான் எல்லை என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. இதை யார் எப்படித் திருப்பினாலும் எங்களுக்குச் சேதம் இல்லை.

இதையே குறுக்குக் கேள்வியாகவும் மாற்றினோம். இங்கேயும் கேள்விகளை வரிசையாக மனப்பாடம் செய்யவில்லை. எந்த ஒப்புதல் நமக்கு வேண்டும் என்பதை முதலில் எழுதினோம்: "உரிமைக்கு உரிமை வயது மாறும்." அதற்கு இரண்டே கேள்விகள். ஆணுக்குத் திருமண வயது என்ன? அந்த வயது ஆகாத ஆண் இன்று வாக்களிக்கிறாரா? ஒவ்வொன்றுக்கும் என்னென்ன பதில் வரலாம், வந்தால் எங்கே போவது என்று கிளை போட்டோம். பதற்றத்தில் 18 என்றால், "அது பெண்களுக்கு, ஆணுக்கு 21" என்று திருத்திவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும், கேலி செய்யக் கூடாது. "அது வேறு, இது வேறு" என்றால் நன்றி சொல்லி நிறுத்திவிட வேண்டும். ஏனென்றால் வேண்டிய ஒப்புதல் அதுதான். "அப்படியானால் 16 வயதில் வாக்கு ஏன் கூடாது?" என்ற கடைசிக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று தமிழம்மா கண்டிப்பாகச் சொன்னார்கள். அதைக் கேட்டால் எதிரணிக்கு நம் நேரத்திலேயே இன்னொரு பேச்சு பேச வாய்ப்புக் கொடுத்துவிடுவோம். முடிவை மறுப்புரையில் நாம் சொல்ல வேண்டும்.

பயிற்சியில் ஒரே வாதத்தைக் கூட்டாளி மூன்று முறை வேறு வேறு மாதிரி சொல்லுவாள், சில சமயம் கோபமாக, சில சமயம் கதையாக. மூன்று முறையும் என் பதில் ஒரே சொற்களில் வந்தால் அந்த அட்டை இன்னும் மனப்பாடத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்றும் செய்தோம். முதலில் பதிலை வீட்டில் பேசுகிற தமிழில் சொல்லிப் பார்ப்பது, அப்புறம் மேடைத் தமிழுக்குக் கொண்டுவருவது. முன்பே எழுதிய வரி வரும்போது நடை திடீரென்று செந்தமிழுக்குத் தாவும், அது முடிந்ததும் கீழே இறங்கும். நடுவர்கள் பிடிப்பது அந்தத் தாவலைத்தான்.

போட்டி அன்று எங்களுக்கு ஒட்டிப் பேசச் சீட்டு விழுந்தது. மேடை ஏறும் முன்புதான் ஒருங்கிணைப்பாளர் சொன்னார், இரண்டு நிமிடத்துக்குள் கேள்வியும் பதிலும் அடக்கம் என்று. நாங்கள் பதில் நேரம் தனி என்று எண்ணி நான்கு கொத்துக் கேள்விகள் வைத்திருந்தோம். அவசரமாக இரண்டை எடுத்து ஓரம் வைத்தோம்.

நான் முதல் கேள்வியைக் கேட்டேன். எதிரணிப் பையன் கெட்டிக்காரன். 21 என்று சொல்லிவிட்டு நிறுத்தாமல், திருமணம் என்பது குடும்பப் பொறுப்பு, வருமானம், வீடு என்று போய்க்கொண்டே இருந்தான். அவன் மூச்சு வாங்கிய இடத்தில், "21 என்று எடுத்துக்கொள்கிறேன், நன்றி, அடுத்த கேள்வி" என்றேன். பயிற்சியில் பழகிய வரி அது, மரியாதையாகத்தான் சொன்னேன். ஆனால் மேடையில் இருந்த ஒருங்கிணைப்பாளர், "பதில் சொல்ல விடும்மா" என்று குறுக்கிட்டார். கடிகாரத்தை நிறுத்தவில்லை. அவன் தொடர்ந்தான், எங்கள் நேரம் போனது. இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நேரத்துக்குள் பதிலும் அடக்கம் என்றால், நீளும் பதிலை நிறுத்தும் உரிமை கேட்பவருக்கு இருக்க வேண்டாமா?

ஆனால் அந்த நீண்ட பதிலின் கடைசியில் அவனே சொன்னான்: "திருமணத்துக்கு ஒரு வயது, வாக்குக்கு ஒரு வயது, இரண்டையும் குழப்பக் கூடாது." அட்டையின் காலி வரியில் அதை அப்படியே எழுதினேன். இரண்டாவது கேள்வியைக் கேட்டு ஆம் என்று வாங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த கொத்தைத் தொடவே முடியவில்லை.

இரண்டாவதாகப் பேசிய அவர்கள் பெண் நாங்கள் யோசிக்காத ஒன்றைக் கொண்டுவந்தாள். பதினாறு வயதில் அரசுத் தேர்வுக்குப் படிக்கவே நேரம் இல்லை, இதில் தேர்தல் வேறா என்றாள். அரங்கில் கைதட்டல். எங்களிடம் அதற்கு அட்டை இல்லை. கூட்டாளி மறுப்புரையை அதில்தான் தொடங்கினாள். "நேரம் இல்லை என்றார் தோழி. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு. அதற்குள் பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்றுக்கும் அரசுத் தேர்வு முடிந்துவிட்டது. நாம் கேட்பது ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஒரு காலைப்பொழுது." நாங்கள் எழுதியதே இல்லாத பதில், ஆனால் அட்டையின் அமைப்பில்தான் வந்தது: அவர்கள் சொல், ஒரு தகவல், அதனால் என்ன. அதற்கும் கைதட்டினார்கள். அப்புறம் நான் எழுந்து, "வயதுகளைக் குழப்பக் கூடாது என்று எதிரணியே சொன்னார்கள். அதைத்தான் நாங்களும் சொல்கிறோம். ஒவ்வொரு உரிமைக்கும் தனி வயது என்றால், வாக்குக்கான வயதை வாக்கை வைத்துப் பேசுவோம், 18 வயதில் கிடைக்கும் மற்ற உரிமைகளை வைத்து அல்ல" என்று முடித்தேன். நடுவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்.

பரிசளிப்பு முடிந்ததும் மதிப்பெண் தாளைக் கேட்டோம். முதலில் தர மாட்டோம் என்றார்கள், தமிழம்மா விடாமல் நின்று வாங்கினார்கள். நீங்களும் கேளுங்கள், எந்தப் பகுதியில் எவ்வளவு குறைந்தது என்பது அதில்தான் இருக்கும். எங்கள் தாளில் மறுப்புரைக்கு எதிரே "இயல்பு, நேரடிப் பதில்" என்று இருந்தது, கிட்டத்தட்ட முழு மதிப்பெண். குறுக்குக் கேள்விக்குப் பாதிதான், எதிரே "கேள்விகள் நிறைவு பெறவில்லை."

அடுத்த போட்டி ஒரு கல்லூரி நடத்துகிறது. இந்த முறை போனில் கேட்கவில்லை, தமிழம்மா கையெழுத்தோடு கடிதமே அனுப்பிவிட்டோம். பதில் நேரம் கேள்வி நேரத்துக்குள் அடக்கமா, நீளும் பதிலை நிறுத்தக் கேட்பவருக்கு உரிமை உண்டா, அட்டையைக் கையில் வைத்துப் பேசலாமா என்று மூன்றே கேள்விகள். முதல் இரண்டுக்கும் ஆம் என்று எழுத்தில் பதில் வந்திருக்கிறது. மூன்றாவதற்கு இன்னும் வரவில்லை, திங்கட்கிழமை மறுபடி கேட்க வேண்டும்.