லண்டனில் பிள்ளையின் அசைவைக் கவனித்த மாதங்கள்

மதுரையில் என் அக்கா கர்ப்பமாக இருந்தபோது, மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு மணி நேரம் படுத்துப் பிள்ளையின் உதைகளை எண்ணித் தாளில் குறித்துவைப்பாள். லண்டனில் ஏழாம் மாதம் நெருங்கியதும் நானும் அப்படியொரு தாளைக் கேட்டேன், மிட்வைஃப் தரவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும் எண்ணிக்கை எதுவும் இல்லை என்றும், வழக்கமாக ஓயாமல் புரளும் பிள்ளை ஒருநாள் மிகவும் அடங்கிவிட்டாலும், பத்து உதை எண்ணிவிட்ட நிம்மதியில் தாய் அதைக் கவனிக்காமல் விடக்கூடும் என்றும் அவர் விளக்கினார். ஆகவே என் பிள்ளை எந்த நேரத்தில், எவ்வளவு வேகமாக அசைகிறது என்ற அதன் வழக்கத்தையே நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தால் விலா எலும்பின் கீழ் உதைப்பதும், காலையில் மெல்லப் புரள்வதும் சில வாரங்களில் எனக்குப் பழகிவிட்டன.

34ஆவது வாரத்தில் ஒருநாள் காலையில் அசைவு குறைவாக இருந்தது. இரவிலும் வழக்கமான உதைகள் வரவில்லை. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "நாள் நெருங்கினா பிள்ளை அடங்கித்தான் கிடக்கும், ஏதாவது இனிப்பா குடிச்சுப் பாரு" என்றார். ஊரில் எல்லாரும் நம்புவது அதுதான், ஆனால் அது சரியல்ல: ஏறத்தாழ 32 வாரம் வரை கூடிவரும் அசைவு, அதன்பின் பிரசவம் வரை அதே அளவில் நீடிக்க வேண்டும். வயிற்றுக்குள் பிள்ளை தூங்கும், ஆனால் ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்குவது அரிது.

இரவும் பகலும் திறந்திருக்கும் மகப்பேறுப் பிரிவை உடனே அழைத்தேன். கடைசியாக எப்போது அசைந்தது, வழக்கத்திலிருந்து என்ன மாறியிருக்கிறது, இரத்தமோ பனிக்குட நீரோ கசிகிறதா என்று கேட்டுவிட்டு, விடியும் வரை காத்திருக்காமல் அப்போதே வரச் சொன்னார்கள். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் பிள்ளைக்குப் பிராணவாயு குறையும்போது, அது சக்தியை மிச்சப்படுத்த அசைவைக் குறைத்துக்கொள்ளும் என்பதே இந்த அவசரத்துக்குக் காரணம்.

அங்கே வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டி, இருபது நிமிடத்துக்கு மேல் பிள்ளையின் இதயத் துடிப்பு ஏறி இறங்குவதைத் தாளில் பதிந்தார்கள். கடையில் விற்கும் கையடக்க டாப்ளரில் துடிப்புச் சத்தம் கேட்டாலும் அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது என்றார் மிட்வைஃப். துடிப்பு இருக்கிறது என்பதற்கு மேல் பிள்ளையின் நலத்தைப் பற்றி அது எதையும் சொல்லாது, தாயின் இரத்த ஓட்டத்தையே பிள்ளையின் துடிப்பென்று எண்ணிக்கொள்ளவும் கூடும்.

பதிவு நன்றாக இருந்ததால் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் அது அந்நேரத்து நிலையை மட்டுமே காட்டும் என்பதால், மறுநாளே மீண்டும் குறைந்தாலும் தயங்காமல் அழைக்கச் சொன்னார்கள். சில வாரங்கள் கழித்து அப்படி அழைத்தபோது, பிள்ளையின் வளர்ச்சியையும் பனிக்குட நீரின் அளவையும் பார்க்க ஸ்கேனும் எடுத்தார்கள்.