பாதியை விற்றுவிட்டு மீதியை ஓடவிட்டேன்: 40 டிரேடுகளின் கணக்கு

ஸ்விங் டிரேடில் லாபம் கண்ணில் பட்டதும் பாதியை விற்பது என் நெடுநாள் பழக்கம். அது உதவுகிறதா என்று பார்க்க, 40 டிரேடுகளை நோட்டில் இரண்டு விதமாக எழுதிவந்தேன். ஒன்று நான் செய்தது. இன்னொன்று, எதையும் விற்காமல் டார்கெட் வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது. இரண்டாவதற்காக, விற்று வெளியே வந்த பங்கின் சார்ட்டையும் முடிவு தெரியும்வரை பார்க்க வேண்டியிருந்தது. அதுதான் பெரிய சலிப்பு.

ஒவ்வொரு டிரேடிலும் ரிஸ்க் 1,000 ரூபாய். உதாரணத்துக்கு, 200 ரூபாயில் 100 பங்கு, ஸ்டாப்லாஸ் 190, டார்கெட் 230. விலை 210 வந்தால் 50 பங்கை விற்று 500 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதிக்கு ஸ்டாப்லாஸை வாங்கிய விலைக்கே நகர்த்திவிடுவேன்.

எல்லா டிரேடையும் இந்த உதாரண விலைகளிலேயே சொல்கிறேன். 40-இல் 18 டிரேடுகள் 210-ஐத் தொடாமலே 190-க்குப் போய்விட்டன. எந்த முறையிலும் 18,000 நஷ்டம்தான். நஷ்டம் வரும்போது 100 பங்கும் கையில் இருக்கும், பெரிய லாபம் வரும்போது 50 தான் இருக்கும். இது நோட்டில் எழுதிய பிறகே எனக்கு உறைத்தது.

மீதி 22-இல் 9 நேராக 230-க்கு ஏறின. தலா 2,000. மற்ற 13-உம் 200-க்குத் திரும்பியதால் தலா 500. ஆக 24,500, நஷ்டம் போக 6,500 மிச்சம். திரும்பிய அந்த 13-இல் 4, என்னை வெளியே தள்ளிவிட்டு, 190-க்கு இறங்காமலே 230-க்குப் போயின. எதையும் விற்காமல் இருந்திருந்தால் 13 டிரேடில் 39,000 லாபம், 27-இல் 27,000 நஷ்டம். மிச்சம் 12,000.

சரி, பாதி விற்பது தப்பு என்று முடிவுகட்டலாமா? 210-ஐத் தொட்ட 22-இல் சரியாகப் பாதி, அதாவது 11, டார்கெட்டுக்குப் போனால், 210-இல் விற்பதும் ஸ்டாப்லாஸை நகர்த்தாமல் வைத்திருப்பதும் ஒன்றுதான், ஏனென்றால் அங்கிருந்து மேலேயும் 20 ரூபாய், கீழேயும் 20 ரூபாய். எனக்குப் போனவை 13. இரண்டே டிரேடு வித்தியாசம். அடுத்த 40-இல் அது 9 ஆகவும் இருக்கலாம்.

இரண்டு நாளில் பிரித்து விற்றால், டிமேட் கணக்கிலிருந்து பங்கு வெளியே போகும்போது பிடிக்கும் டிபி கட்டணமும் இரண்டு முறை. சின்னத் தொகைதான், ஆனால் 500 ரூபாய் லாபத்தில் கண்ணை உறுத்துகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. நான் செய்த முறையில் தொடர்ந்து வந்த நஷ்டம் அதிகபட்சம் 4. விற்காமல் இருந்திருந்தால் 9. ஆறாவதிலேயே நான் நோட்டை மூடியிருப்பேன்.

இப்போது 210-இல் 30 பங்கு மட்டும் விற்கிறேன், ஸ்டாப்லாஸ் 190-லேயே இருக்கிறது. இதுவரை ஏழு டிரேடு எழுதியாயிற்று.